நிலைப்படுத்தியபின் படம் மங்குகிறது: 127 சதவீத ஜூம் எங்கிருந்து வந்தது?

கீழவீதி:
எங்கள் ஊர்க் கோயில் வீதியுலாவில் நாகஸ்வரக்காரர்களுக்கு முன்னால் பின்னோக்கி நடந்தபடியே கையில் கேமராவை வைத்துப் படம்பிடித்தேன். மொத்தம் 42 நொடிகள் ஓடும் ஒரே ஷாட். 1920×1080 அளவு, நொடிக்கு 25 பிரேம், ஷட்டர் 1/50. கேமராவிலும் லென்ஸிலும் அதிர்வைத் தாங்கும் வசதி எதுவும் கிடையாது. எடிட்டிங் மென்பொருளான பிரீமியரில் ஆட்டத்தை அடக்கும் வார்ப் ஸ்டெபிலைசரைப் போட்டவுடன் ஆட்டம் பெருமளவு அடங்கிவிட்டது. ஆனால் பின்னணியில் கட்டியிருக்கும் விழாப் பதாகையின் எழுத்துகள் மூலப் படத்தில் தெளிவாக இருந்தவை, இப்போது ஈரத்தாளில் அச்சடித்ததுபோலத் தெரிகின்றன. எஃபெக்ட் பெட்டியில் `Auto-scale (127%)` என்று காட்டுகிறது. தவில்காரர் பாதி உடம்போடு ஓரத்தில் வெட்டுப்பட்டுவிட்டார் என்பது இன்னொரு குறை. இதை மண்டபத்தின் பெரிய திரையில் போடப்போகிறார்கள். ஆட்டமும் குறைய வேண்டும், தெளிவும் இவ்வளவு போகக்கூடாது என்றால் எங்கே கைவைக்க வேண்டும்?

வெண்திரை:
127 சதவீதம் என்றால் உங்கள் படத்தில் 27 சதவீதப் பிக்சல்கள் போய்விட்டன என்று பொருள். இதற்கு எளிய வழி இருக்கிறது. டைம்லைனை 4கே அளவில் அமைத்து, இந்தக் கிளிப்பை அதில் பெரிதாக்கி வைத்து, அங்கே நிலைப்படுத்தி, 4கே அளவிலேயே வெளியே எடுங்கள். வெட்டினாலும் மிஞ்சுவது 1080-ஐ விட அதிகமாகவே இருக்கும். யூடியூபில் ஏற்றுகிறவர்கள் எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள். வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

நிழற்பெட்டி:
வெண்திரை நண்பர் சொல்வதில் ஒரு பாதி சரி. 1080 படத்தைப் பெரிதாக்கி 4கே என்று ஏற்றினால் யூடியூப் அதற்கு அதிகப் பிட்ரேட் ஒதுக்குகிறது. அதனால் அங்கே பார்க்கும்போது கட்டம்கட்டமாக உடைவது குறைகிறது. அந்த ஆதாயம் உண்மையானது. ஆனால் அது சுருக்கத்தால் வரும் இழப்பைக் குறைப்பதே தவிர, கிராப்பில் போன விவரத்தைத் திருப்பித் தருவதில்லை. கீழவீதியின் படம் மண்டபத்தில் நேரடியாகக் கோப்பிலிருந்து ஓடப்போகிறது. அங்கே இந்த ஆதாயத்துக்கு இடமில்லை.

கணக்கையும் சற்றுத் திருத்திக்கொள்வோம். 127 சதவீதம் பெரிதாக்குகிறது என்றால், மூலப் படத்தின் நடுவிலிருந்து அகலத்தில் 1920/1.27, அதாவது 1512 பிக்சலும், உயரத்தில் 850 பிக்சலும்தான் எடுக்கப்படுகின்றன. மொத்தப் பிக்சல்களில் 62 சதவீதமே மிஞ்சுகிறது. போனது 27 அல்ல, 38 சதவீதம். ஆனால் கண்ணுக்குத் தெரியும் கூர்மை பரப்பைவிட நீளத்தையே சார்ந்திருப்பதால், ஒரு பதாகை எழுத்தின் கோடு 21 சதவீதம் குறைவான பிக்சல்களால் வரையப்படுகிறது என்று எடுத்துக்கொள்வதே பொருத்தம். அந்த 1512×850 படம் மீண்டும் 1920×1080 ஆக நீட்டப்படுகிறது. நீங்கள் பார்க்கும் மங்கல் பெரும்பாலும் இந்த நீட்டலால் வருவது.

இப்போது முக்கியமான கேள்விக்கு வருகிறேன். நடைக்குலுக்கலுக்கு 127 சதவீதம் தேவைப்படாது. 42 நொடிகளில் ஏதோ ஓரிடத்தில் பெரிய உதறல் ஒன்று இருக்க வேண்டும். யாராவது தோளில் இடித்தார்களா, அல்லது பள்ளத்தில் கால் வைத்தீர்களா?

கீழவீதி:
ஆம் ஐயா. 23-ஆம் நொடியில் தீவட்டி பிடித்தவர் ஒருவர் என் முழங்கையில் இடித்தார். கேமரா ஒரு கணம் இடப்பக்கம் சாய்ந்து கீழே இறங்கி, பிறகு நிமிர்ந்தது. முழுதாக ஒரு நொடிகூட இருக்காது. அதற்காக 42 நொடிகளும் வெட்டப்படுமா?

நிழற்பெட்டி:
வெட்டப்படும். வார்ப் ஸ்டெபிலைசர் முதலில் கேமரா போன வழியைக் கணக்கிடுகிறது. பிறகு அந்த வழியை மழுப்பி, கேமரா போயிருக்க வேண்டிய வழி ஒன்றை வரைந்துகொள்கிறது. ஒவ்வொரு பிரேமையும் முதல் வழியிலிருந்து இரண்டாவது வழிக்கு நகர்த்தி, தேவையான அளவு திருப்புகிறது. நகர்த்திய பிரேமின் ஒரு பக்கத்தில் கருப்பு விளிம்பு எட்டிப்பார்க்கும். எந்தப் பிரேமில் அந்த விளிம்பு மிக அகலமோ, அதை மறைக்கும் அளவுக்கு ஜூம் தீர்மானமாகி, அதே ஜூம் கிளிப் முழுக்க ஒட்டிக்கொள்கிறது. பிரேமுக்குப் பிரேம் ஜூம் மாறினால் படம் மூச்சு வாங்குவதுபோல விரிந்து சுருங்கும் என்பதால்தான் இந்த ஏற்பாடு.

இதில் சாய்வுதான் பெரிய செலவாளி. 16:9 படத்தை θ கோணம் திருப்பினால், மூலைகள் காலியாகாமலிருக்கத் தேவையான ஜூம் இது:

```
zoom = cos θ + (16/9) · sin θ
```

1 டிகிரிக்கு 1.031 வருகிறது, 2 டிகிரிக்கு 1.061, 4 டிகிரிக்கு 1.12. அந்த இடியில் கேமரா 4 டிகிரி சாய்ந்திருந்தால் அதுவே 12 சதவீதத்தைத் தின்றுவிடும். அதன் மேல் கீழிறங்கிய தூரமும் சேர்ந்து 127 ஆகியிருக்கிறது. மற்ற 41 நொடிகளில் ஒரு டிகிரிச் சாய்வும், ஒவ்வொரு அடிக்கும் மேலும் கீழும் 25 பிக்சல் ஆட்டமும் இருக்கும் என்று வைத்துக்கொண்டால், 108 அல்லது 109 சதவீதத்தில் எல்லாம் அடங்கிவிடும். 109 என்றால் 1761×991. மூலப் படத்தோடு அருகருகே வைத்துப் பார்த்தால்தான் வேறுபாடு தெரியும் என்ற அளவு.

ஆகவே கிளிப்பை 22.5-ஆம் நொடியிலும் 24-ஆம் நொடியிலும் வெட்டுங்கள். மூன்று துண்டுகளையும் தனித்தனியே பகுப்பாய்வு செய்யவிடுங்கள். பழைய பகுப்பாய்வை அப்படியே வைத்துக்கொண்டால் பழைய 127 தான் தொடரும். நடுத்துண்டைத் தூக்கிவிட்டு, அங்கே தவில் தோலில் விழும் விரல்கள், கூட்டத்தின் முகம் என்று வேறொரு ஷாட்டால் மூடிவிடுங்கள். ஒலி கீழே அறுபடாமல் ஓடட்டும். மூடாமல் இரு துண்டுகளையும் ஒட்டினால் ஒட்டுமிடத்தில் படம் துள்ளும், ஏனென்றால் இரண்டுக்கும் மழுப்பிய வழிகள் வெவ்வேறு.

வடகரை வாசு:
எனக்கும் இதே கிராப் பிரச்சினை இருக்கிறது. நான் கிடைமட்டமாக எடுத்த வீடியோவை ரீல்ஸுக்காக நெடுக்குவாட்டில் வெட்டும்போது படம் பிசுபிசுவென்று ஆகிவிடுகிறது. போனில் எடுத்தது, 1080 தான். எடிட்டிங் ஆப்பில் என்ன அளவு வைக்க வேண்டும்?

தேன்மொழி செ.:
வாசு, நீங்கள் சொல்வது வேறு வகைக் கிராப். இங்கே பேசுவது ஆட்டத்தை அடக்குவதற்காகத் தானாக வெட்டப்படும் விளிம்பைப் பற்றி. இருந்தாலும் உங்கள் கேள்வி இதோடு ஓரிடத்தில் சேர்கிறது. 1080 உயரமுள்ள கிடைமட்டப் படத்திலிருந்து 9:16 துண்டு எடுத்தால் அதன் அகலம் ஏறத்தாழ 607 பிக்சல்தான். அதை 1080 அகலத்துக்கு இழுத்தால் பிசுபிசுக்கத்தான் செய்யும். அளவை மாற்றி இதைச் சரிசெய்ய முடியாது; 4கே-யில் எடுக்க வேண்டும், அல்லது போனை நிமிர்த்திப் பிடித்து எடுக்க வேண்டும்.

ஆனால் உங்களுக்கு ஒரு சலுகை உண்டு. எப்படியும் இரு பக்கமும் 650 பிக்சலுக்கு மேல் எறியப்போகிறீர்கள் என்பதால் பக்கவாட்டு ஆட்டத்தை அடக்க ஆகும் செலவு உங்களுக்கு இலவசம். முதலில் `Stabilize Only` என்று வைத்துக் கருப்பு விளிம்பு தெரியும்படியே நிலைப்படுத்துங்கள். பிறகு நெடுக்குவாட்டில் வெட்டுங்கள். மேல் கீழ் விளிம்பு மட்டும் தெரிந்தால் அந்த அளவுக்கு மட்டும் ஜூம் செய்தால் போதும். தானாக ஜூம் செய்யவிட்டுப் பிறகு வெட்டினால், ஒரே தெளிவை இரண்டு முறை இழப்பீர்கள்.

நாடாக்காரர்:
என்னுடையது இன்னும் பழைய சங்கதி. அப்பா எடுத்த வீட்டு வீடியோ நாடாக்களைக் கணினிக்கு மாற்றி வைத்திருக்கிறேன். 720×576, இன்டர்லேஸ் செய்த 50 ஃபீல்டு. ஜூமை முழுக்க இழுத்துவைத்துக் கையில் பிடித்து எடுத்திருப்பதால் படம் ஓயாமல் நடுங்குகிறது. பிரீமியர் என்னிடம் இல்லை, கட்டளைவரி நிரலான எஃப்எஃப்எம்பெக் மட்டும்தான். அதில் நிலைப்படுத்தும் vidstab வடிகட்டியைப் போட்டால் ஆட்டம் அடங்குவதற்குப் பதிலாக ஒருவிதமாக வெட்டிவெட்டி இழுக்கிறது, கோடுகள் பல்சீப்பு மாதிரிப் பிரிகின்றன. ஏற்கெனவே 576 வரிகள்தான். இதில் வேறு வெட்டினால் என்னதான் மிஞ்சும்?

நிழற்பெட்டி:
பல்சீப்புக்குக் காரணம் இன்டர்லேஸ். ஒரு பிரேமுக்குள் ஒற்றைப்படை வரிகளும் இரட்டைப்படை வரிகளும் 1/50 நொடி இடைவெளியில் எடுக்கப்பட்டவை. இரண்டையும் ஒரே படமாக எண்ணி நகர்த்தினால் அவை பிரியத்தான் செய்யும். முதலில் அவற்றை 50 முழுப் பிரேம்களாகப் பிரிக்க வேண்டும்.

இழுப்புக்கு வேறு காரணமும் இருக்கலாம். அந்தக் கால நாடாப் படங்களின் ஓரத்தில் கருப்புப் பட்டையும், அடியில் சில வரிகள் கிழிந்ததுபோன்ற இரைச்சலும் இருக்கும். இவை திரையில் அசையாமல் நிற்பவை. அசைவைத் தேடும் நிரல் இவற்றையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு, கேமரா அசையவில்லை என்று பாதி நம்பிவிடுகிறது. எனவே அந்த விளிம்புகளை முன்னதாகவே வெட்டிவிட வேண்டும். அது பயனற்ற பகுதி என்பதால் அதை இழப்பாகக் கணக்கிட வேண்டியதில்லை.

```
ffmpeg -i nada.avi -vf "bwdif=mode=send_field,crop=688:560:16:4,vidstabdetect=shakiness=5:accuracy=15:result=asaivu.trf" -f null -

ffmpeg -i nada.avi -vf "bwdif=mode=send_field,crop=688:560:16:4,vidstabtransform=input=asaivu.trf:smoothing=25:maxshift=16:maxangle=0.017:interpol=bicubic" -c:v libx264 -crf 16 -c:a copy veliyedu.mkv
```

முதல் கட்டளை அசைவை அளந்து கோப்பில் எழுதுகிறது, இரண்டாவது அதைக் கொண்டு நிலைப்படுத்துகிறது. crop எண்களை உங்கள் நாடாவின் விளிம்புக்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள். ஆனால் இரண்டு கட்டளைகளிலும் vidstab-க்கு முன்னால் வருபவை எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும்.

`smoothing=25` என்பது முன்னும் பின்னுமாக 51 பிரேம்களைப் பார்த்து மழுப்புகிறது. நொடிக்கு 50 பிரேம் ஓடும் இந்தப் படத்தில் அது ஒரு நொடி. கைநடுக்கத்துக்கு அதற்கு மேல் தேவையில்லை. கூட்டினால் அப்பா கேமராவை வேண்டுமென்றே திருப்பிய இடங்களையும் நிரல் ஆட்டம் என்று நினைத்து இழுத்துப்பிடிக்கும்; விளிம்பு வெளியே தெரியும்; அதை மறைக்க ஜூம் கூடும்.

கிராப்புக்கு உச்சவரம்பு கட்டுவது `maxshift`. எந்தப் பிரேமையும் 16 பிக்சலுக்கு மேல் நகர்த்தாதே என்கிறது. உயரத்தில் 560 வரிகளில் மேலும் கீழும் 16 போனால் 528 மிஞ்சும். நகர்த்தலுக்கு ஆகும் ஜூம் 6 சதவீதம். `maxangle` ரேடியனில் சொல்லப்படுவது, 0.017 என்பது ஒரு டிகிரி. இந்த வரம்பை மீறும் உதறல்கள் ஓரளவு அப்படியே படத்தில் தெரியும். ஆயினும் ஒரு உதறலுக்காக முழு நாடாவும் மங்குவதைவிட அது மேல் என்பது என் கருத்து.

`interpol` பற்றியும் ஒரு சொல். கிராப்பே இல்லாவிட்டாலும், பிரேமை அரைப் பிக்சல் தூரம் நகர்த்தினால் பக்கத்துப் பிக்சல்களைக் கலந்துதான் புதிய பிக்சலை உருவாக்க வேண்டும். வழக்கமாக இருக்கும் bilinear முறையில் இந்தக் கலப்பு வெறும் சராசரி. முழுப் பிக்சல் நகர்ந்த பிரேம் கூர்மையாகவும், அரைப் பிக்சல் நகர்ந்த பிரேம் மழுங்கியும் வந்து படம் மினுமினுக்கும். bicubic அதைக் குறைக்கிறது, முழுக்க நீக்குவதில்லை.

நாடாக்காரர்:
ஓடவிட்டுப் பார்த்தேன். பல்சீப்பு போய்விட்டது, நடுக்கமும் நம்பமுடியாத அளவு குறைந்திருக்கிறது. ஆனால் மூலையில் கேமராவே பதித்த தேதி இருக்கிறது அல்லவா, அது இப்போது தனியாகக் குதிக்கிறது. முன்பு படம் ஆடியது, தேதி நின்றது. இப்போது படம் நிற்கிறது, தேதி ஆடுகிறது.

நிழற்பெட்டி:
அதற்கு நல்ல வழி இல்லை ஐயா. தேதி இருக்கும் பகுதியை வெட்டினால் உயரத்தில் மேலும் எழுபது எண்பது வரிகள் போகும். `delogo` போட்டு அழித்தால் அந்த இடம் கறைபோல நிற்கும். குடும்ப வீடியோவில் தேதிக்கும் ஒரு மதிப்பு உண்டு. நானாக இருந்தால் ஆடட்டும் என்று விட்டுவிடுவேன். மூல நாடாவின் கோப்பை மட்டும் நிலைப்படுத்தாமல் அப்படியே பத்திரப்படுத்துங்கள்.

வெண்திரை:
கணக்கை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் முதலிலேயே 4கே-யில் எடுத்திருந்தால் இந்தப் பேச்சே தேவையில்லையே? 3840-ஐ 1.27 ஆல் வகுத்தாலும் 3024 வருகிறது. 1080 வெளியீட்டுக்கு அது தாராளம். இதையாவது ஒப்புக்கொள்வீர்களா?

நிழற்பெட்டி:
இதை முழுக்க ஒப்புக்கொள்கிறேன். 4கே-யில் எடுத்து 1080-இல் தருகிறவருக்கு ஏறத்தாழ இருமடங்கு வரை இடம் இருக்கிறது. ஆனால் வரிசை தவறினால் அந்த இடம் காணாமல் போய்விடும். 4கே கிளிப்பை 1080 டைம்லைனில் போட்டால் கிளிப்பும் சீக்வென்ஸும், அதாவது டைம்லைனும், ஒரே அளவில் இருக்க வேண்டும் என்று வார்ப் ஸ்டெபிலைசர் மறுக்கும். பலரும் உடனே அங்கேயே கிளிப்பைத் தனியொரு சீக்வென்ஸுக்குள் பொதிந்து நெஸ்ட் செய்துவிடுகிறார்கள். நெஸ்ட் ஆனது 1080 அளவுள்ள சீக்வென்ஸ் என்பதால் படம் முதலில் 1080 ஆகச் சுருங்கி, பிறகு நிலைப்படுத்தப்பட்டு 1.27 மடங்கு நீட்டப்படுகிறது. 4கே-யில் எடுத்ததன் பயன் அவ்வளவும் போய்விடுகிறது. 4கே சீக்வென்ஸ் ஒன்றைத் திறந்து, அதில் நிலைப்படுத்தி முடித்தபின், அந்தச் சீக்வென்ஸை 1080 டைம்லைனுக்குள் வைத்துச் சுருக்க வேண்டும்.

கேமரா உள்ளேயே செய்யும்போதும் இதே கணக்குத்தான். 2022-இல் வந்த ஐபோன் 14-இல் ஆட்டத்தை அடக்கும் ஆக்ஷன் மோடு அதிகபட்சம் 2.8கே என்றுதான் விற்கப்பட்டது. விளிம்பில் எவ்வளவு போகிறது என்பதை அந்த எண்ணே சொல்கிறது.

4கே-க்கும் ஒரு விலை உண்டு. பல கேமராக்களில் 4கே-யில் சென்சாரை வரிவரியாகப் படித்து முடிக்க 1080-ஐ விட அதிக நேரம் ஆகிறது. நடந்துகொண்டே எடுக்கும்போது மேல்வரி ஒரு கணத்திலும் அடிவரி வேறொரு கணத்திலும் பதிவாகி, தூண்களும் கொடிக்கம்பங்களும் நெளியும். நிலைப்படுத்தியபின் படம் நின்றுவிட, இந்த நெளிவு மட்டும் துலக்கமாகத் தெரியும். எத்தனை பிக்சல் மிச்சம் இருந்தாலும் இதற்கு அது மருந்தல்ல.

கீழவீதி:
நீங்கள் சொன்னபடி வெட்டிப் பார்த்தேன். முதல் துண்டு 109 சதவீதம், கடைசித் துண்டு 112. நடுவில் ஒன்றரை நொடியைத் தவில் விரல்களின் ஷாட்டால் மூடிவிட்டேன், தெரியவே இல்லை. பக்கவாட்டில் வெட்டுப்பட்ட தவில்காரரும் திரும்பி வந்துவிட்டார். இரண்டு துண்டுகளுக்கும் ஜூம் வேறாக இருப்பது உறுத்தவில்லை, இடையில் வேறு ஷாட் வருவதால்.

ஆனால் ஒன்று மிச்சம் இருக்கிறது. பதாகை எழுத்துகளை ஒரே பிரேமில் நிறுத்திப் பார்த்தால் நன்றாக இருக்கின்றன. ஓடவிட்டால் ஒவ்வொரு அடி எடுத்துவைக்கும்போதும் எழுத்து ஒரு கணம் மங்கி மீண்டும் தெளிகிறது. மூலப் படத்தில் இப்படித் தெரிந்ததாக நினைவில்லை. ஜூமை 105 சதவீதத்துக்குக் குறைத்தும் பார்த்தேன், அதே துடிப்பு.

தேன்மொழி செ.:
அது கிராப்பால் வருவதல்ல, ஷட்டரால் வருவது. மூலப் படத்திலும் இருக்கும். படமே ஆடிக்கொண்டிருந்ததால் கண் அதைப் பொருட்படுத்தவில்லை. மூலத்தையும் நிலைப்படுத்தியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மங்கும் பிரேமில் நிறுத்திப் பாருங்கள். இரண்டிலும் எழுத்து ஒரே திசையில் இழுபட்டிருந்தால் ஐயமே வேண்டாம். கால் தரையில் படும் கணத்தில் படம் ஒரு பிரேமுக்கு 10 பிக்சல் நகர்கிறது என்றால், நொடிக்கு 25 பிரேமில் 1/50 ஷட்டர் பாதி நேரம் திறந்திருப்பதால், 5 பிக்சல் நீளத்துக்கு எழுத்து இழுபடும். நிலைப்படுத்தும் நிரல் பிரேமை இடம் மாற்றுமே தவிர, இழுபட்டதைச் சரிசெய்யாது. 1/200 வைத்திருந்தால் அது ஒன்றேகால் பிக்சலோடு போயிருக்கும். கல்யாண வீடுகளில் கேமராவை ஆடாமல் தாங்கும் கிம்பல் இல்லாமல் நடந்து எடுக்க நேர்ந்தால், நான் 1/50 என்ற வழக்கத்தை ஒதுக்கிவிட்டு 1/150-க்கு மேல்தான் வைப்பேன்.

நிழற்பெட்டி:
காரணத்தில் தேன்மொழியோடு உடன்படுகிறேன். மருந்தில் முழுதாக இல்லை. தீவட்டி வெளிச்சத்தில் 1/200 என்றால் ஒளி கால்பங்காகக் குறையும். ஐஎஸ்ஓவை இரண்டு படி ஏற்ற வேண்டும். ஏறிய இரைச்சலை அழிக்கும்போது அதே பதாகை எழுத்து வேறு வழியில் மழுங்கும். பகல் உலாவாக இருந்தால் அவர் சொன்னபடியே செய்யலாம்.

இருக்கிற படத்துக்கு நான் சொல்வது இதுதான்: `Smoothness`-ஐ வழக்கமான 50 சதவீதத்திலிருந்து 15 அல்லது 20-க்குக் குறையுங்கள். நடையின் அசைவு சிறிது திரும்பி வரும். அசைவு இருக்கும் இடத்தில் மங்கல் வந்தால் கண் அதை ஏற்றுக்கொள்ளும். அசைவே இல்லாத இடத்தில் மங்கல் வந்தால்தான் உறுத்தும். ஜூமும் அதோடு குறையும்.

தேன்மொழி செ.:
இதில்தான் நாம் எப்போதும் முட்டிக்கொள்கிறோம். மண்டபத்தின் பெரிய திரையில் நடை அசைவு கையில் இருக்கும் போனில் தெரிவதைவிடப் பலமடங்கு பெரிதாகத் தெரியும். முன்வரிசையில் இருக்கும் பெரியவர்களுக்குத் தலைசுற்றும். எழுத்து துடிப்பதை ஒருவர் கவனிப்பார், படம் ஆடுவதை எல்லோரும் கவனிப்பார்கள். நான் 50 சதவீதத்திலேயே விட்டுவிடுவேன்.

நிழற்பெட்டி:
நான் பதாகையைப் படிக்கும் அந்த ஒருவர் என்பதால் இப்படிச் சொல்கிறேன் போலும். கீழவீதி இரண்டையும் எடுத்துக்கொண்டு போய், மண்டபத்துத் திரையிலேயே போட்டுப் பார்த்துத் தீர்மானிக்கட்டும். மடிக்கணினித் திரையில் இதை முடிவுசெய்ய முடியாது.

கீழவீதி:
சரி, 20 சதவீதத்தில் ஒன்றும் 50 சதவீதத்தில் ஒன்றுமாக எடுத்து வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை மண்டபத்தில் புரொஜெக்டர் கட்டும்போது போட்டுப் பார்க்கிறேன். அடுத்த உலாவுக்கு நண்பரிடம் கைரோ என்ற சுழற்சி உணரியின் தரவையும் பதிவு செய்யும் சோனி கேமரா ஒன்றைக் கேட்டிருக்கிறேன். அந்தத் தரவை வைத்து நிலைப்படுத்தும் கைரோஃப்ளோ நிரலில் போட்டால் இந்தக் கிராப் குறையுமா?

நிழற்பெட்டி:
கிராப் குறையாது. ஒரே சாய்வை நேராக்க ஒரே அளவு விளிம்புதான் தேவை, அசைவை எப்படி அளந்தாலும். குறைவது வேறு. கூட்டம் குறுக்கே போகும்போது படத்தைப் பார்த்து அசைவைக் கணிக்கும் நிரல்கள், கூட்டம் நகர்வதைக் கேமரா நகர்வதாக எண்ணி வீணாக நகர்த்துவதும், அதனால் ஜூம் ஏறுவதும் உண்டு. கைரோ கேமராவின் சுழற்சியை நேரடியாகப் பதிவுசெய்வதால் அந்தக் குழப்பம் இல்லை. வரிவரியாகப் பதிவாகும் நெளிவையும் கைரோஃப்ளோ பெரும்பாலும் நிமிர்த்திவிடும். ஆனால் கைரோ அறிவது சுழற்சியை மட்டுமே; அடி எடுத்துவைக்கும்போது கேமரா மேலும் கீழும் ஏறி இறங்குவது அதற்குத் தெரியாது. அருகில் இருக்கும் நாகஸ்வரத்தின் அகன்ற வாயில் அந்த ஏற்ற இறக்கம் மிச்சமாகத் தெரியும்.

எடுக்கும்போது கேமராவின் உள்ளமைந்த அதிர்வுத்தடுப்பை அணைத்துவிடுங்கள். சென்சார் தானாக ஒருபக்கம் நகர, கைரோ இன்னொரு கணக்குச் சொன்னால் படம் முன்பைவிட மோசமாக ஆடும். ஒரு படி அகலமான லென்ஸ் கிடைத்தால் அதைப் போட்டு, தவில்காரரை விளிம்பிலிருந்து பிரேமின் பத்தில் ஒரு பங்காவது உள்ளே நிறுத்துங்கள். மிக அகலமாகவும் போகவேண்டாம். லென்ஸின் வளைவை நிரலுக்குச் சொல்லும் புரொஃபைல் சரியாகப் பொருந்தாவிட்டால் ஓரத்தில் இருக்கும் முகங்கள் ஒவ்வொரு அடிக்கும் நீண்டு சுருங்கும்.

வடகரை வாசு:
என் போனிலும் கைரோ இருக்கிறதே, அதையும் கைரோஃப்ளோவில் போட முடியுமா?

தேன்மொழி செ.:
போனில் கைரோ இருந்தாலும், போனோடு வரும் கேமரா ஆப்கள் பொதுவாக அந்தத் தரவை வீடியோக் கோப்பில் எழுதிவைப்பதில்லை. தனியாகப் பதிவுசெய்யும் ஆப் வேண்டும். அதோடு போன் தன் பங்குக்கு ஒருமுறை நிலைப்படுத்தி, விளிம்பை வெட்டிவிட்டுத்தான் கோப்பை உங்களிடம் தரும். அதை அணைக்க முடிகிறதா என்று முதலில் செட்டிங்ஸில் பாருங்கள். அணைக்க முடியாவிட்டால் நெடுக்குவாட்டில் நேரடியாக எடுப்பதே உங்களுக்குச் சிக்கனம்.